குறைபாட்டை எழுதலாமா, வேண்டாமா? போடி மலையடிவாரத்து விண்ணப்பங்கள்

போடிநாயக்கனூரில் வேலை தேடுகிறவருக்கு இரண்டு திசை உண்டு. மேற்கே, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி போடிமெட்டு ஏறினால் பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் என்று ஏலத்தோட்டங்கள். ஊருக்குள்ளேயே இருந்தால் ஏலக்காய்க் கடைகள், தரம் பிரிக்கும் கிடங்குகள், நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம், வங்கிகள், பள்ளிகள், அரசு பொறியியல் கல்லூரி. எந்தத் திசையில் போனாலும் முதலில் எழுத வேண்டியது ஒரு விண்ணப்பக் கடிதம். ஒரு காது மந்தமானவர், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், நிறம் பிரித்தறிய முடியாதவர், மனநல சிகிச்சைக்காக ஓராண்டு வேலையை விட்டவர் ஆகியோரின் பேனா ஒரே இடத்தில்தான் நிற்கும். இதை எழுதுவதா, விடுவதா?

'உண்மையைச் சொல்லிவிடு' என்பார் ஒருவர். 'சொன்னால் கூப்பிடவே மாட்டான்' என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் ஏதோ ஒரு கடிதத்தை மனதில் வைத்துக்கொண்டு சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் வேலைக்குப் போகும் பாதையில் மூன்று வெவ்வேறு தாள்கள் வருகின்றன. தானாக எழுதும் கடிதம் ஒன்று. கட்டம் போட்டுக் கேள்வி கேட்கும் விண்ணப்பப் படிவம் இரண்டு. தேர்வான பிறகு கையெழுத்துப் போடும் உடல்தகுதி உறுதிமொழி மூன்று. ஒன்றுக்குப் பொருந்தும் பதில் மற்றொன்றில் ஆளைச் சிக்கலில் மாட்டிவிடும்.

கடிதத்திலிருந்து தொடங்கலாம். 'சொன்னால் கூப்பிட மாட்டான்' என்பது வெறும் பயமா என்று அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்திருக்கிறார்கள். ரட்கர்ஸ், சிராக்யூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் அந்த ஆய்வு 2018-இல் வெளியானது. எல்லாமே கணக்கர் வேலைகள். தகுதியில் வித்தியாசமே இல்லாத கற்பனை விண்ணப்பங்கள். கடிதத்தில் மட்டும்தான் மாற்றம்: சிலவற்றில் முதுகுத்தண்டு பாதிப்பு பற்றி ஒரு குறிப்பு, சிலவற்றில் ஆட்டிசம் வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் பற்றிய குறிப்பு, மற்றவற்றில் எதுவும் இல்லை. கணக்கு எழுதும் வேலைக்கு இரண்டுமே தடையாகாது என்பதால்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். குறிப்பு இருந்த கடிதங்களுக்கு நிறுவனங்கள் காட்டிய ஆர்வம் 26 சதவீதம் குறைந்தது.

அந்த ஆய்வில் போடிக்காரர் கவனிக்க வேண்டிய இடம் வேறு. பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. சரிவு முக்கியமாக அந்தச் சின்ன நிறுவனங்களில்தான் இருந்தது. போடியில் ஏலக்காய் வியாபாரம் பெரும்பாலும் குடும்பக் கடைகளின் கையில். முதலாளி, அவர் மகன், ஒரு கணக்கர், இரண்டு மூன்று ஆட்கள். இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தனியார் உட்பட எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கிறது. ஆனால் எந்தெந்த வேலைகள் ஏற்றவை என்பது போன்ற விவரங்களோடு அந்தக் கொள்கை இருக்க வேண்டும் என்பது, விதிகளின்படி, தனியாரில் இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களுக்குத்தான். கடைவீதியில் இருபது பேர் வைத்திருப்பவர் பெரிய வியாபாரி.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். முப்பது வயது, பி.காம்., டேலி தெரியும், இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் குறைவு, காதில் கருவி. ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கர் வேலைக்கு எழுதுகிறார். அவர் பெண்ணாகவும் இருக்கலாம், ஆணாகவும் இருக்கலாம். இந்த வேலையில் பில் போடுவது, ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கி வரவு செலவு ஆகியவற்றில் காதுக்கு வேலை இல்லை. காதுக்கு வேலை வருவது ஓர் இடத்தில்தான். ஏலம் நடக்கும் நாளில் புத்தடியிலிருந்தோ போடி ஏல மையத்திலிருந்தோ போன் வரும். எந்த லாட், எத்தனை கிலோ, என்ன விலை என்று வேகமாகச் சொல்வார்கள். ஒரு எண்ணைத் தப்பாகக் கேட்டால் நஷ்டம் கடைக்கு.

இவர் எழுதக்கூடிய மோசமான கடிதம் இப்படித் தொடங்கும்: 'ஐயா, நான் பிறவியிலிருந்தே காது கேளாதவன். எட்டு வயதில் மதுரையில் காட்டினோம். பல டாக்டர்களைப் பார்த்தும் பலனில்லை. குடும்பச் சூழ்நிலை கருதி...' நோயின் கதை முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. டேலி கடைசி வரியில் ஒளிந்துகொள்கிறது. படிக்கிறவர் இரக்கப்படலாம். இரக்கப்பட்டு யாரும் கல்லாப் பெட்டியை ஒப்படைப்பதில்லை.

கொஞ்சம் தேறிய கடிதம், படிப்பையும் அனுபவத்தையும் முதலில் சொல்லிவிட்டு, முடிப்பதற்கு முந்தைய பத்தியில் மூன்று வரி வைக்கும்: 'எனக்குக் கேட்கும் திறன் குறைவு, காதுக் கருவி அணிந்திருக்கிறேன். நேரில் பேசுவது நன்றாகக் கேட்கும். போனில் எண்களைக் குறிப்பது மட்டும் சிரமம். லாட், எடை, விலையை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பினால் வேலையில் தடை இருக்காது.' இதில் மருத்துவப் பெயர் இல்லை. எத்தனை சதவீதம் என்பது இல்லை. எது முடியும், எது முடியாது, அதற்கு என்ன வழி என்பது இருக்கிறது. முதலாளியின் மனதில் எழப்போகும் கேள்வி போனைப் பற்றித்தான். அதற்குப் பதில் கடிதத்திலேயே இருக்கிறது. எழுதி வரும் விலை கடைக்கும் ஆதாரம் என்பது கூடுதல் லாபம்.

இந்த மூன்று வரியை முதல் கடிதத்தில் வைப்பதா, நேர்காணலுக்கு அழைத்த பிறகு சொல்வதா? ஆய்வின் கணக்கை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் புத்திசாலித்தனம். கடையில் கூப்பிட்டு நாள் குறித்த பிறகு, 'நாளைக்கு வருகிறேன், ஒரு விஷயம்' என்று அதே மூன்று வரியைச் செய்தியாக அனுப்பலாம். அதற்குள் ஆளைத் தகுதியால் தேர்ந்தெடுத்திருப்பார்கள். காதுக் கருவி கண்ணில் படும் பொருள் என்பதால் நேர்காணலுக்குப் பின்னும் மறைத்துவைக்க முடியாது. முன்கூட்டிச் சொன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் பார்த்து, சத்தமாகப் பேசவாவது தயாராக இருப்பார்.

ஆனால் போடி, சென்னை அல்ல. இங்கே வேலை, தெரிந்தவர் மூலமாக வருகிறது. பரிந்துரைத்தவர் 'அந்தக் காது கேக்காத பையன்தாண்ணே, கணக்குல கெட்டி' என்று ஏற்கெனவே சொல்லியிருப்பார். அப்படிச் செய்தி முந்திப்போன இடத்தில் கடிதம் மௌனமாக இருந்தால், மறைக்கிறார் என்றே படும். ஊர் சொல்லும் கதைக்குப் பதிலாகத் தன் கதையைத் தன் வார்த்தையில் வைப்பதற்கு அந்த மூன்று வரி முதல் கடிதத்திலேயே இருப்பது மேல். தெரியாத கடைக்கு அழைப்பு வந்த பிறகு, தெரிந்த கடைக்கு முதல் கடிதத்திலேயே என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

கண்ணுக்குத் தெரியாத, வேலையைத் தொடாத குறைபாடு என்றால் விஷயம் எளிது: எழுத வேண்டியதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, எப்போதோ குணமான காசநோய் இவற்றைக் கணக்கர் வேலைக்கான கடிதத்தில் சொல்லத் தேவையே இல்லை. மனநல சிகிச்சையால் வேலையில் விழுந்த இடைவெளிக்கு, 'உடல்நலக் காரணத்தால் ஓராண்டு இடைவெளி. இப்போது முழுநேரப் பணிக்குத் தயார்' என்ற ஒரு வரி போதும். அது பொய்யும் அல்ல, நோய்க்குறிப்பும் அல்ல. நோயின் பெயரைச் சொல்ல யாரும் கட்டாயப்படுத்த முடியாத ஓர் இடத்தைச் சட்டமே தெளிவாக வரைந்திருக்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், வேலை கொடுப்பதற்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதையே தடுக்கிறது.

இனி, குறைபாடு வேலையின் மையத்தையே தொடும் இடம். நிறக்குருடு இதற்குச் சரியான உதாரணம். அதற்குத் தமிழ்நாட்டிலேயே உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று இருக்கிறது. முகமது இப்ராகிம் என்பவர் தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளர் (மின்னியல்) பணிக்குத் தேர்வானார். மருத்துவப் பரிசோதனையில் நிறப் பார்வைக் குறைபாடு தெரிந்தது. வயர்களின் நிறத்தை அடையாளம் காண வேண்டிய வேலை என்று சொல்லிப் பணி மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்; இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2023 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் அவரைப் பணியில் அமர்த்தி, பொருத்தமான பிரிவில் வேலை கொடுக்கச் சொன்னது.

நிறக்குருடு, சட்டத்தின் இருபத்தோரு வகைக் குறைபாடுகளின் பட்டியலில் இல்லை, இட ஒதுக்கீடு கிடையாது, சான்றிதழும் கிடையாது. அப்படியிருந்தும், உதவிப் பொறியாளர் செய்யும் எல்லா வேலைக்கும் நிறம் தேவையா, தேவைப்படாத பிரிவில் வைக்க முடியாதா என்ற கேள்வியிலிருந்து நிர்வாகம் தப்ப முடியவில்லை. சட்டத்தின் மொழியில் இதற்கு நியாயமான இசைவு ஏற்பாடு என்று பெயர். அதை மறுப்பதும் பாகுபாடுதான் என்று 2016 சட்டத்தின் வரையறையே சொல்கிறது.

இந்தத் தீர்ப்பைப் போடிக்குக் கொண்டுவந்து பார்த்தால் அதன் எல்லையும் தெரியும். ஏலக்காய்க்கு விலை அதன் பச்சையில் இருக்கிறது. மாதிரியைத் தட்டில் கொட்டி, கரும்பச்சை எது, வெளுத்தது எது, வெடித்தது எது என்று கண்ணால் பார்த்துத்தான் வியாபாரி விலை சொல்கிறார். சல்லடையில் 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று காய் தானாகப் பிரிந்துவிடும். நிறத்தைப் பிரிக்கக் கண் வேண்டும். சிவப்பும் பச்சையும் குழம்பும் ஒருவர் அதே கடையில் கணக்கர் வேலைக்கோ, கிடங்கு மேற்பார்வைக்கோ எழுதும்போது அதைச் சொல்லத் தேவையில்லை. மாதிரி பார்த்துக் கொள்முதல் செய்யும் வேலைக்கு எழுதினால், முதல் மூட்டையிலேயே தெரிந்துவிடும். அங்கே மறைப்பதால் யாருக்கும் பயனில்லை. ஒரே கடை, ஒரே குறைபாடு, இரண்டு விடை. ஆகவே கடிதம் எழுதும் முன் பார்க்க வேண்டியது நோயின் பெயரை அல்ல. அந்த வேலையில் ஒருவர் காலையிலிருந்து மாலைவரை என்னென்ன செய்வார் என்ற பட்டியலை.

பட்டியலில் பிறர் உயிர் வரும்போது விவாதம் முடிந்துவிடுகிறது. விடியற்காலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. வலிப்பு உள்ளவர் அந்த ஜீப்பை ஓட்டும் வேலைக்கு எழுதக் கூடாது; எழுதினால் மறைக்கக் கூடாது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இல் வலிப்போ, திடீர் மயக்கமோ, தலைசுற்றலோ உண்டா என்பது நேரடிக் கேள்வி. அதில் 'இல்லை' என்று எழுதுவது பொய் உறுதிமொழி. அதே படிவம் சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியுமா என்றும் கேட்டுவந்தது. 2020-இல் விதியைத் திருத்தி, லேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவர்களுக்கு உரிமம் பெற வழி திறந்தார்கள். வலிப்பு உள்ளவரும் மருந்தோடு கட்டுக்குள் வைத்துக்கொண்டு கடையில் பில் போடலாம். அந்தக் கடிதத்தில் சொல்லத் தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்த பின், பக்கத்து மேசைக்காரரிடம் 'வந்தால் என்ன செய்ய வேண்டும்' என்று சொல்லி வைப்பது தன் பாதுகாப்புக்கு.

இரண்டாவது தாள், படிவம். டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு போன்றவற்றில் மாற்றுத்திறனாளியா என்று ஒரு கட்டம் இருக்கும். தகுதி இருந்தால் அங்கே மௌனம் நஷ்டம். அரசுப் பணியில் 4 சதவீத இட ஒதுக்கீடு, கட்டண விலக்கு, எழுதுவோர் உதவி, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது இருபது நிமிடம் கூடுதல் நேரம் எல்லாம் அந்தக் கட்டத்தை நிரப்புவதில் தொடங்குகின்றன. ஒதுக்கீட்டில் பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் ஒவ்வொன்றுக்கும் 1 சதவீதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்றவற்றுக்கும் பல்வகைக் குறைபாட்டுக்கும் சேர்த்து 1 சதவீதம்.

கட்டத்தை நிரப்பும் முன் சான்றிதழைப் பார்க்க வேண்டும். ஒதுக்கீட்டுக்குக் கோடு 40 சதவீதம். தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவர்களின் மதிப்பீடு, பிறகு யு.டி.ஐ.டி. எனப்படும் அடையாள அட்டை. நாடு முழுவதும் செல்லும் அட்டை அது. சாந்தன்பாறையில் வேலைக்குப் போகிறவருக்கு எல்லை தாண்டியதும் செல்லாமல் போகாது. செவித்திறனில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சட்டத்தின்படி கேட்கும் திறன் குறைந்தவர் என்றால் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். ஒரு காது மட்டும் முற்றாகக் கேட்காதவர் அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினால், சான்றிதழ் சரிபார்ப்பு அன்று விண்ணப்பம் போய்விடும். வேண்டுமென்றே ஏமாற்றிச் சலுகை பெற்றால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தின் 91-ஆவது பிரிவு சொல்கிறது.

40-க்குக் கீழே இருப்பவர் எல்லாம் இழந்தார் என்று நினைக்க வேண்டாம். விகாஷ் குமார் என்ற மருத்துவப் பட்டதாரிக்கு எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் நரம்புக் கோளாறு. குடிமைப் பணித் தேர்வுக்கு எழுதுவோர் உதவி கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், ஒதுக்கீடு வேறு, தேர்வு எழுத வசதி வேறு என்று பிரித்துக் காட்டியது. 40 சதவீதக் கோடு முதலாவதற்குத்தான் பொருந்தும். அதன்பின் 2022 ஆகஸ்டில் மத்திய அரசு, 40-க்குக் கீழே உள்ளவர்களுக்கும் எழுதுவோர் உதவிக்கான நெறிமுறையை வெளியிட்டது. ஆக, படிவத்தில் ஒதுக்கீட்டுக் கட்டமும் எழுதுவோர் கட்டமும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு 'இல்லை' என்றும் மற்றதற்கு 'ஆம்' என்றும் எழுதலாம்.

மூன்றாவது தாள்தான் மிகவும் வழுக்கும் இடம். வேலை கையில் வந்த மகிழ்ச்சியில் படிக்காமல் கையெழுத்துப் போடும் உறுதிமொழி. 1989-இல் டெல்லியில் நீரா மாத்தூர் என்ற பெண் எல்.ஐ.சி.யில் உதவியாளர் பணிக்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் முடித்து, இப்படியொரு தாளை நிரப்பினார். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது, எத்தனை முறை கருத்தரித்தீர்கள், இப்போது கர்ப்பமா என்றெல்லாம் அதில் கேள்விகள். செப்டம்பரில் பணியில் சேர்ந்தார். 1990 ஜனவரியில் குழந்தை பிறந்தது. விடுப்பில் இருக்கும்போதே பிப்ரவரியில் வேலை போனது. உறுதிமொழியில் தவறான தகவல் என்றது நிர்வாகம். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னதோடு, அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்தே நீக்கச் சொன்னது.

இந்த வழக்கைக் காட்டி, 'கேள்வி தப்பு என்றால் பொய் எழுதலாம்' என்று நினைப்பவர் உண்டு. ஆபத்தான கணக்கு அது. கேள்வி அநியாயம் என்று நிரூபிக்க நீரா மாத்தூர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. போடியிலிருந்து அந்தத் தூரம் இன்னும் அதிகம். பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டம், வேலை உறுதியாகும் முன் உடல்நலக் கேள்வி கேட்பதையே பொதுவாகத் தடுக்கிறது. இந்தியச் சட்டத்தில் அப்படி நேரான தடை இல்லை. அதனால் இங்கே கேட்கத்தான் செய்வார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், அதுவும் உண்மையான பதில் என்பதே பாதுகாப்பு. 'தற்போது வேலையைப் பாதிக்கும் நோய் உண்டா' என்று கேட்டால், கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையுள்ள கணக்கர் 'இல்லை' என்று எழுதுவது உண்மைதான். 'எப்போதாவது சிகிச்சை பெற்றீர்களா' என்று கேட்டால் அதே 'இல்லை' பொய். தாளில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது, பின்னால் தகராறு வந்தால் கைகொடுக்கும். கேள்விக்கு எதிரே 'மருத்துவரிடம் நேரில் விளக்குகிறேன்' என்று எழுதவும் வழியுண்டு. கடையின் மேலாளர் படிக்க வேண்டாத விவரம் மருத்துவரோடு நின்றுவிடும்.

கடிதத்தோடு மருத்துவச் சான்றிதழை இணைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதை விட வேண்டும். அட்டையின் எண், சதவீதம், பழைய மருந்துச் சீட்டு எதுவும் முதல் உறையில் போக வேண்டியதில்லை. கேட்டால், சரிபார்ப்பு அன்று, அசலைக் காட்டி நகலைக் கொடுத்தால் போதும். குறைபாட்டைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்டால் அதை எழுத்தில் வாங்க வேண்டும். வாய்மொழி மறுப்பை எங்கேயும் எடுத்துப்போக முடியாது. எழுத்து கையில் இருந்தால் முதலில் தேனியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், பிறகு சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அடையாள அட்டைக்கு இன்னும் பதியாதவர்கள் swavlambancard.gov.in தளத்தில் பதியலாம்.